தரம் 8க்கு மட்டக்களப்புக்கு மாறுறம்: லீவிங்கில பேரும் பிறந்த திகதியும் வேற

திருக்கோவில்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். அவருக்கு வங்கியில இடமாற்றம் வந்து மட்டக்களப்பு டவுனுக்கு வாறம். கல்லடியில வாடகைக்கு வீடு பாத்தாச்சு. மகள் இப்ப தரம் 8. புதுப் பள்ளிக்கூடத்தில போய்க் கேட்டனாங்க, இடம் இருக்கு, ஆவணங்களோட வாங்க எண்டு சொன்னாங்க. ஒரு துண்டுல எழுதித் தந்தது: பிறப்புச் சான்றிதழ், லீவிங் எண்டுற விடுகைப் பத்திரம், கடைசித் தவணைத் தேர்ச்சி அறிக்கை, கிராம சேவகர்ர வதிவிடக் கடிதம், தடுப்பூசி அட்டைக் கொப்பி, பாஸ்போட் சைஸ் படம் 4.

பிரச்சினை என்னண்டா, பழைய பள்ளிக்கூடத்தில லீவிங்க எழுதி வைச்சிட்டாங்க, அதிபர்ர கையொப்பம் மட்டும்தான் மிச்சம். பாத்தா பிறப்புச் சான்றிதழில "சிவகுமார் தர்ஷினி", 2012.03.08. லீவிங்கில "தர்சினி சிவகுமார்", 2012.08.03. கிளார்க் சொல்றாரு "ஒரு எழுத்துத்தானே, அங்க போய்ச் சொல்லுங்க, மாத்துவாங்க" எண்டு. அப்படியே வாங்கிட்டுப் போகலாமா? படம் என்ன மாதிரி எடுக்கணும் எண்டும் ஒருக்காச் சொல்லுங்க.

பெரியகல்லாறு_குமரன்

அக்கா, கிளார்க் சொன்னது சரிதான். லீவிங்க வாங்கி கையில வைச்சிருங்க முதல்ல. லீவிங் இல்லாம எந்தப் பள்ளிக்கூடமும் கதைக்காது. பேர் விசயத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சா போதும். சமாதான நீதவான்ட்டப் போனா உடன தருவார். நானும் அப்படித்தான் மகனுக்குச் செஞ்சன்.

காத்தான்குடி_பாயிஸ்

அக்கா, தூரத்துக்குப் புள்ளி எவ்வளவு வருது எண்டு பாத்தீங்களா? வதிவிடப் பிரிவுக்கு 50 வீதம், பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25 வீதம், கூடப்பிறந்தவங்க அங்க படிச்சா 15 வீதம், மிச்சத்துல கல்வித்துறைப் பணியாளர், இடமாற்றம் வந்த உத்தியோகத்தர், வெளிநாட்டுலருந்து வந்தவங்க. உங்கட கணவர் இடமாற்றத்துல வாறதால இடமாற்ற உத்தியோகத்தருக்குரிய 4 வீதத்துக்குள்ள போடலாம். வாக்காளர் இடாப்புக் கொப்பி, மின்சாரப் பட்டியல் எல்லாம் சேத்து வைங்க. நேர்முகத்துல வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு எண்டு பாத்துக் குறைப்பாங்க.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

பாயிஸ் தம்பி, நீங்க சொல்றது தரம் 1 அனுமதிக்குரிய கணக்கு. பிரிவும் புள்ளியும் அந்த நேர்முகத்துலதான் வரும். அம்மா கேக்கிறது தரம் 8 இடை வகுப்பு அனுமதி. இங்க முக்கியமானது வகுப்பில இடம் இருக்கா, அனுமதி குடுக்கிற அதிகாரம் ஆர்கிட்ட இருக்கு எண்டதுதான். தூரப் புள்ளி கணக்குக்குள்ள வராது. மற்றபடி வாக்காளர் இடாப்பும் வீட்டு ஒப்பந்தமும் இருந்தா கிராம சேவகர்ர கடிதத்துக்கு உதவும், கெடுதல் இல்ல.

குமரன் தம்பிட்ட ஒரு விசயம். லீவிங் முதல்ல, பள்ளிக்கூடம் பிறகு எண்டுறது தலைகீழ். லீவிங்க எழுதின உடன பழைய பள்ளிக்கூடத்துல பிள்ளைட பேர் சேர்வு இடாப்புல விலகினதாப் பதிவாகும், வரவு இடாப்புல கோடு விழும். அதுக்குப் பிறகு புதுப் பள்ளிக்கூடம் "வலயத்துல கேட்டுச் சொல்றம்" எண்டா பிள்ளை வீட்டுலதான். சேர்த்துக்கொள்றம் எண்டு அதிபர்ட கையெழுத்தோட ஒரு கடிதம் வாங்கிட்டுத்தான் லீவிங்குக்கு எழுதிக் குடுக்கணும். அம்மா வாய்ச்சொல்லுத்தான் வாங்கியிருக்காங்க போல. அதை எழுத்துல வாங்குங்க அம்மா. தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா?

திருக்கோவில்_அம்மா

மாகாணப் பாடசாலைதான் ஐயா. கடிதம் தந்ததில்ல, வாயால சொன்னது.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

அப்ப மட்டக்களப்பு வலயக் கல்வி அலுவலகத்தோட முடியும். வின்சன்ட், மைக்கேல், சிவானந்தா மாதிரித் தேசிய பாடசாலையா இருந்தா கல்வி அமைச்சுக்குப் போகும், அது வேற கதை.

இப்ப விசயத்துக்கு வாறன். நான் பள்ளிக்கூட அலுவலகத்துல கனகாலம் இருந்து ஓய்வெடுத்தவன். இந்த ரெண்டு பிழையும் ஒரே மாதிரித் தெரிஞ்சாலும் ஒண்டில்ல.

பேர்ல ஷ - ச மாறுறதும், தகப்பன்ட பேர் முன்னுக்கா பின்னுக்கா எண்டுறதும் நம்மட பக்கத்துல பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கு. தரம் 1ல சேரும்போது வகுப்பாசிரியர் பிறப்புச் சான்றிதழைப் பாக்காம அம்மா சொன்னதைக் கேட்டு எழுதினா அப்படித்தான் வரும். இதுக்குக் குமரன் சொன்ன சத்தியக் கடதாசி கொஞ்சம் தாங்கும்.

திகதி அப்படியில்ல. 03.08, 08.03. நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு. இதைக் கடதாசியால மூட ஏலாது. புதுப் பள்ளிக்கூடத்துல சேர்வு இடாப்புல எழுதிறவர் லீவிங்கப் பாத்துத்தான் எழுதுவார். அவர் அந்தப் பிழையை அப்படியே எடுத்தா, தரம் 11ல சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும்போது அந்தத் திகதிதான் போகும். அதுக்கு முன்னாலயே 15 வயசில தேசிய அடையாள அட்டைக்குப் பள்ளிக்கூடத்தால அனுப்புவாங்க. அங்க பிறப்புச் சான்றிதழைத்தான் பாப்பாங்க. அடையாள அட்டையில ஒரு திகதி, பரீட்சை ஆவணத்துல வேற திகதி. அதைச் சரிப்பண்ண ஓடுறதுக்குள்ள பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் பதியிற வயசு வந்திரும்.

இன்னொண்டு பாருங்க. 2012 மார்ச்சோ ஆகஸ்டோ, ரெண்டுமே ஒரே ஆண்டு தரம் 1 சேர்வுக்குள்ள வாற திகதி. 2018 ஜனவரி 31க்கு 5 வயசு பூர்த்தியாகி இருக்கணும், ரெண்டுலயும் பூர்த்திதான். அதனாலதான் இத்தனை வருசமா ஒருத்தர்ர கண்ணிலயும் படல்ல. 2012 ஜனவரி மாதிரி இருந்திருந்தா "பிள்ளை ஒரு வகுப்பு மேல இருக்கணுமே" எண்டு எப்பயோ பிடிபட்டிருக்கும்.

ஆனபடியா கையொப்பம் வைக்க முதல் நிப்பாட்டுங்க. அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, பிறப்புச் சான்றிதழ் மூலமும் கொப்பியும் வைச்சுக் குடுங்க. முதல்ல சேர்வு இடாப்பை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. லீவிங் எண்டுறது அந்த இடாப்புலருந்து எடுத்தெழுதுறது. பிழை இடாப்புலயா, எடுத்தெழுதினதுலயா எண்டு தெரியாம என்ன செய்யிறது?

பெரியகல்லாறு_குமரன்

ஐயா சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா என்ட மகனுக்குச் சத்தியக் கடதாசியால முடிஞ்சதுதானே? அவனுக்கும் பேர் வேறதான்.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

பேர் வேற, தம்பி. திகதி வேறயா இருந்ததா?

பெரியகல்லாறு_குமரன்

இல்ல ஐயா. பேர் மட்டும்.

சம்மாந்துறை_உம்மா

எனக்கு இதுல ஒரு கேள்வி இருக்கு. மகள் குவைத்துல வேலைக்குப் போயிட்டா, பேரன்ட வாப்பாவும் வேற ஊர்ல. பேரன் எங்களோட. இப்ப கல்முனைக்கு மாத்தணும், தரம் 6. விண்ணப்பப் படிவத்துல பெற்றார் கையொப்பம் கேக்குது. நான் போட்டா ஏத்துக்குவாங்களா? அதிபர் தாய் வந்தாத்தான் எண்டுறாரு. பிறப்புச் சான்றிதழில வாப்பாட பேர் சரியாத்தான் இருக்கு.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

உம்மா, பாதுகாவலர் கையொப்பம் போடலாம். ஆனா நீங்கதான் பாதுகாவலர் எண்டுறதுக்கு ஆவணம் வேணும். கிராம சேவகர்ட கடிதத்துல பிள்ளை உங்களோட வசிக்குது எண்டு எழுதி, பிரதேச செயலகத்துல மேலொப்பம் எடுத்துப் பாருங்க. மகள்ட்ட இருந்து ஒரு சம்மதக் கடிதம் வந்தா நல்லம். எல்லா அதிபரும் ஒரே மாதிரி ஏத்துக்கொள்றதில்ல, அதுதான் உண்மை.

சம்மாந்துறை_உம்மா

சம்மதக் கடிதம் தூதரகத்தால வரணுமா, வாட்ஸ்அப்புல எழுதி அனுப்பினா போதுமா?

வாழைச்சேனை_ரீச்சர்

நான் வகுப்பாசிரியர். படத்தைப் பத்திக் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல எண்டதால சொல்றன்.

4 படம் கேட்டா 6 எடுங்க. ஒண்டு விண்ணப்பப் படிவத்துல, ஒண்டு மாணவர் கோவையில, ஒண்டு நூலக அட்டையில போகும். கல்லடியிலருந்து பஸ்ஸில போற பிள்ளைண்டா சீசன் டிக்கட்டுக்கும் ஒண்டு வேணும். அதுக்கு அதிபர்ட உறுதிப்படுத்தல் கேப்பாங்க, அதுக்காகத் திரும்ப ஸ்டூடியோவுக்கு ஓடவேண்டாம்.

வெள்ளைச் சீருடையோட எடுங்க. பழைய பள்ளிக்கூடத்து ரையும் சின்னமும் இருக்கிற படம் வேண்டாம். நான் கண்ட கூத்து, ஒரு பிள்ளைட கோவையில இன்னமும் வேற பள்ளிக்கூடத்துச் சின்னத்தோட இருக்கு. தலைமுடி நெத்தியை மூடாம, ரெண்டு காதும் தெரியிற மாதிரி பின்னி விடுங்க. பின்னணி வெளிறியதா இருந்தா போதும். போன்ல எடுத்து வீட்டுப் பிரிண்டர்ல எடுக்கிற படம் கொஞ்ச நாளில மங்கிரும், நிறம் கையில ஒட்டும். ஸ்டூடியோவுல எடுக்கிற படத்துக்குப் பின்னால பென்சிலால பேரும் தரமும் எழுதுங்க. பேனையால அழுத்தி எழுதினா முகத்துல தடம் விழும். ஸ்டாப்ளர் அடிக்கவே அடிக்காதீங்க, சின்னக் கவர்ல போட்டுக் குடுங்க, ஒட்டுறதை அலுவலகம் பாத்துக்கொள்ளும்.

அடையாள அட்டைக்கு 15 வயசில எடுக்கிற படம் வேற. அதுக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில பதிஞ்ச ஸ்டூடியோவுலதான் எடுக்கணும். இப்ப எடுத்து வைக்கிறது அதுக்கு உதவாது.

மண்டூர்_வதனி

ரீச்சர் சொன்னதோட ஒண்டு. பிறப்புச் சான்றிதழை லெமினேட் பண்ணி வைச்சிருக்கிறவங்க கனபேர். எங்கட மாமி அப்படித்தான். பள்ளிக்கூடத்துல முத்திரையைத் தடவிப் பாக்கணும் எண்டு சொல்லி ஏத்துக்கொள்ளல்ல, பிரதேச செயலகத்துல புதுக் கொப்பி எடுக்க வேண்டி வந்தது. எடுக்கிறது கஷ்டமில்ல, படிவம் நிரப்பிக் காசு கட்டினா தருவாங்க. ஆனா அலுவலகம் திறக்கிற நாளில லீவு எடுத்துத்தானே போகணும்.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

நல்ல விசயம் வதனி. அதோட இதையும் கேளுங்க. பிறப்புச் சான்றிதழ் மூலத்தைக் காட்டிட்டு அங்கயே திருப்பி வாங்குங்க, கொப்பியை மட்டும் விட்டிட்டு வாங்க. லீவிங் அப்படியில்ல, மூலத்தையே புதுப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளும், திரும்பி வராது. அதனால குடுக்க முதல் ரெண்டு பக்கமும் போட்டோக் கொப்பி எடுத்து வைங்க. சனம் இதை மாறிச் செய்யிறதைத்தான் கூடுதலாக் கண்டிருக்கன், பிறப்புச் சான்றிதழை அங்க விட்டிட்டு லீவிங் கொப்பியோட வந்து நிப்பாங்க.

2004 சுனாமியில கரையோரப் பள்ளிக்கூடங்கள்ல இடாப்புகள் தண்ணியோட போயிட்டுது. அந்த நேரம் பிள்ளைகள்ட வீட்டுல இருந்த கொப்பிகளை வைச்சுத்தான் சேர்வு இலக்கத்தையே பிடிச்சம். ஒரு தாள்தானே எண்டு நினைக்கிறதில்ல நான் அதுக்குப் பிறகு.

அக்கரைப்பற்று_நளீம்

ஐயா, இடாப்புல திகதி பிழையா இருந்தா அதிபரே திருத்தலாமா? எங்கட பக்கத்துல வலயப் பணிப்பாளர்ட அனுமதி இல்லாம தொட ஏலாது எண்டு சொல்றாங்க.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

நான் இருந்த காலத்துல அதிபர் பிறப்புச் சான்றிதழைப் பாத்து, பிழையான திகதிக்கு மேல ஒரு கோடு போட்டு, பக்கத்துல சிவப்பு மையால சரியானதை எழுதி, கையொப்பமும் திகதியும் போடுவார். பழைய எழுத்து வாசிக்கக்கூடியதா இருக்கணும். வெள்ளை மை பூசினா அந்தப் பக்கத்தையே ஒருத்தரும் நம்பமாட்டாங்க. திருத்தின இடத்துல எந்த ஆவணத்தைப் பாத்துத் திருத்தினது எண்டு பிறப்புச் சான்றிதழ் இலக்கத்தையும் குறிப்பம்.

வாழைச்சேனை_ரீச்சர்

எங்கட பள்ளிக்கூடத்துல அதிபர் வலயத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வந்த பிறகுதான் திருத்துவார். ஐயா சொல்ற மாதிரி அவரே செய்யமாட்டார். கணக்காய்வுல கேள்வி வரும் எண்டு பயம்.

அக்கரைப்பற்று_நளீம்

அப்ப ஒரு இடத்துல ஒரு நாள், இன்னொரு இடத்துல ஒரு மாசம். கணவனுக்கு வேலை தொடங்குற திகதி காத்திருக்குமா?

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

நீங்க கேக்கிறது நியாயம்தான். அதனாலதான் இடாப்பை முதல்ல பாக்கச் சொன்னன். பேரைப் பொறுத்தவரை தகப்பன் பேர் முன்னா பின்னா எண்டதையும் பிறப்புச் சான்றிதழில இருக்கிறபடியே எழுதச் சொல்லுங்க. அதோட ஆங்கில எழுத்துக் கூட்டலையும் கேளுங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைகள்ட பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் தமிழ்ல மட்டும்தான் எழுதியிருக்கும், பிள்ளைட பேரை ஆங்கிலத்துல முதல்ல எழுதுறது பள்ளிக்கூடம். தர்ஷினி எண்ட பேரை Darshini எண்டு எழுதுறதா, Dharshini எண்டா, Tharshini எண்டா எண்டு ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு ஏற்கனவே இருந்தா அதுல இருக்கிற எழுத்தையே லீவிங்கில எழுதச் சொல்லுங்க. இல்லாட்டி நீங்களே ஒண்டைத் தீர்மானிச்சு, இனி எல்லா இடத்துலயும் அதையே குடுங்க.

மண்டூர்_வதனி

பாடத்தையும் கேட்டுப் பாருங்க அக்கா. தரம் 8ல அழகியல் பாடம் இருக்கு. மகள் நடனம் எண்டா, புதுப் பள்ளிக்கூடத்துல நடன ஆசிரியர் இருக்காவா? இல்லாட்டி சங்கீதமோ சித்திரமோ எடுக்க வேண்டி வரும். தேர்ச்சி அறிக்கையில எந்தப் பாடம் எண்டு தெளிவா இருக்கணும். எங்கட தங்கச்சிட மகளுக்கு இதைக் கேக்காமப் போய், பாதியில பாடம் மாறினது.

திருக்கோவில்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தன். ஐயா சொன்ன மாதிரி இடாப்பை எடுக்கச் சொன்னன். கிளார்க் முதல்ல முகத்தைச் சுளிச்சாரு, அதிபர் சொன்ன பிறகு எடுத்தாரு.

சேர்வு இடாப்புல திகதி சரியாத்தான் இருக்கு! 2012.03.08. பேர்தான் "தர்சினி". தரம் 3லயோ 4லயோ மாணவர் கோவையைப் புதுசா எழுதினவங்க நாளையும் மாசத்தையும் மாத்தி எழுதியிருக்காங்க, அதைப் பாத்துத்தான் லீவிங்க எழுதியிருக்கு. அதிபர் அந்தப் படிவத்தை ரத்துப் பண்ணி, இடாப்பைப் பாத்துப் புதுசா எழுதித் தாறன் எண்டாரு. திகதிப் பிரச்சினை முடிஞ்சது.

பேருக்கு, இடாப்பைத் தொடுறதுக்கு வலயத்துல கேக்கணும் எண்டு சொல்லிட்டாரு. அதுக்கு நாள் எடுக்கும் போல.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

பாத்தீங்களா அம்மா. கோவையில இருக்கிற பிழையான திகதியையும் திருத்தச் சொன்னீங்களா? அந்தக் கோவையும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனா அடுத்த கிளார்க் அதைப் பாத்து எழுதுவார்.

திருக்கோவில்_அம்மா

அதைக் கேக்கல்ல ஐயா. நாளைக்கே கேக்கிறன். பேருக்கு வலயத்துப் பதில் வரும்வரைக்கும் லீவிங்க எடுக்காம இருக்கிறதா, எடுத்திட்டு ஒரு சத்தியக் கடதாசியோட சேக்கிறதா?

பெரியகல்லாறு_குமரன்

பேர் மட்டும்தானே இப்ப. என்ட வழிதான் அக்கா!

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

இப்ப குமரன் சொல்றது பொருந்தும், ஒப்புக்கொள்றன். பேருக்குச் சத்தியக் கடதாசியோட சேருங்க, ஆனா பழைய அதிபர் வலயத்துக்கு எழுதின கடிதத்துட கொப்பியையும் கையில வாங்குங்க. அனுமதி வந்த உடன இடாப்பைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை உறுதிப்படுத்துற கடிதத்தைப் புது அதிபருக்கு அனுப்பச் சொல்லி எழுத்துல கேளுங்க. இல்லாட்டி பிள்ளை போன பிறகு அதை ஒருத்தரும் நினைக்கமாட்டாங்க. புதுப் பள்ளிக்கூடத்துல சேர்வு இடாப்புல எழுதும்போது பக்கத்துல நில்லுங்க, பிறப்புச் சான்றிதழை விரிச்சு வைச்சிட்டு எழுதுறாங்களா எண்டு பாருங்க. அங்க சரியா எழுதிட்டா பழைய பள்ளிக்கூடத்து எழுத்துப் பிழை பெருசா ஒண்டும் செய்யாது.

நூலகப் புத்தகம் ஏதும் இருந்தா திருப்பிக் குடுத்திட்டு வாங்க. லீவிங்குக்கு அதையும் கேப்பாங்க.

வாழைச்சேனை_ரீச்சர்

நான் இன்னும் சொல்றன், வலயத்துப் பதிலை எடுத்திட்டே போறது நல்லம். சத்தியக் கடதாசியோட சேந்த பிள்ளைகள்ட பேர் சாதாரண தரப் பட்டியல்ல பழைய மாதிரியே வந்ததைப் பாத்திருக்கன். மூண்டு வருசத்துல அலுவலகத்துல ஆள் மாறிடும், கடதாசி கோவைக்கு அடியில போயிடும்.

பழைய_முகாமைத்துவ_உதவியாளர்

அதுவும் நடக்கும் ரீச்சர். ஆனா பிள்ளை இத்தனை நாள் வீட்டுல இருக்கிறதா?

சம்மாந்துறை_உம்மா

எனக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்லயே. வாட்ஸ்அப் கடிதம் செல்லுமா செல்லாதா?

அக்கரைப்பற்று_நளீம்

உம்மா, வாட்ஸ்அப்ப நம்பிப் போகாதீங்க. மகள் கையால எழுதிக் கையொப்பம் வைச்ச மூலக் கடிதத்தை வாறவங்க ஆர்கிட்டயாவது குடுத்தனுப்பச் சொல்லுங்க, கடவுச்சீட்டுக் கொப்பியும் சேத்து. அதோட கல்முனை வலயத்துல நேரப் போய்க் கேளுங்க. நீங்க எந்தக் கிராம சேவகர் பிரிவு?